வீட்டில் பதினாலு, கிளினிக்கில் ஆறு

புஷ்பவள்ளிக்குப் பேய் பிசாசு, பாம்பு, இடி மின்னல் எதுக்கும் பயம் கிடையாது. சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு இருட்டாகப் பால் மரம் வெட்டி வளர்ந்த பொம்பளை. காட்டுப் பன்றி குறுக்கே வந்தால் வாளியைத் தட்டி விரட்டியவள். அவளையே நடுங்க வைத்தது ஒரே ஒரு சாமான். உள்ளங்கைக்குள் அடங்குகிற, மூணு வெள்ளி கொடுத்து வாங்குகிற மலிவுக் கடிகாரம் மாதிரி அற்பமாக இருக்கிற, இனிப்பு நீர் வியாதிக்கு ரத்தத்தில் சீனி பார்க்கிற மெஷின்.

அதில் வருகிற எண்ணுக்கு அவள் அப்படிப் பயப்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் காளிதாசனின் அண்ணன் இருளப்பன், நல்ல ஆஜானுபாகுவான ஆள், தம்பிக்கு இருக்கிற இதே வியாதியில் முதலில் கால் கட்டை விரலைக் கொடுத்தார். பிறகு பாதத்தைக் கொடுத்தார். கடைசியில் முட்டிக்குக் கீழே முழுசாகப் போயிற்று. ஆஸ்பத்திரியில் போர்வையைத் தூக்கிப் பார்த்தவள் புஷ்பவள்ளிதான். ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் மட்டமாகவும் கிடந்த அந்தப் போர்வையை அவளால் மறக்கவே முடியவில்லை. "அடுத்தது என் புருஷன் கால்தான்" என்று அன்றைக்கே அவள் மனசு முடிவு கட்டிவிட்டது. யார் சொல்லியும் அது கேட்கவில்லை.

தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற பிறகு காளிதாசனும் அவளும் பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் இடையில் ரோட்டோரமாகப் பழக்கடை போட்டார்கள். அன்னாசி, நங்கா என்கிற பலா, மாங்காய், பப்பாளி. முழுப் பழம் வாங்குகிறவன் எவன் இருக்கிறான் இந்தக் காலத்தில்? எல்லாவனுக்கும் வெட்டிப் பையில் போட்டுக் குச்சி குத்திக் கொடுக்கணும். அதனால் விடியுமுன்னே வீட்டுப் பின்கட்டில் காளிதாசன் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்துவிடுவார். அன்னாசியின் கண்ணைத் தோண்டி எடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. வலது கையில் கத்தி, இடது கையில் பழம், சாறு முழங்கை வரை வழியும்.

கண்ணில் புரை விழுந்திருந்ததால் இன்சுலின் ஊசிப் பேனாவில் இருக்கிற எண் அவருக்குத் தெரியாது. இரவு படுக்கப் போகுமுன் இன்சுலின் போட்டு விடுவது புஷ்பவள்ளியின் வேலை. காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்ப்பதும் அவள் வேலைதான். வெட்டிக்கொண்டிருக்கிற மனுஷனிடம் போய் நிற்பாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடது கையை நீட்டுவார். ஸ்பிரிட் போட்ட குட்டிப் பஞ்சுத் துண்டால் விரல் நுனியை நன்றாகத் துடைப்பாள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. குத்துவாள். மெஷின் எண்ணுகிற அந்தச் சில விநாடியில் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

பதிமூணு. பதினாலு புள்ளி ரெண்டு. ஒரு நாள் பதினாறு. வெறும் வயிற்றில் நாலுக்கு மேலே, ஏழுக்குள்ளே இருக்கணும் என்பது கிளினிக் கணக்கு.

"என்னங்க தின்னீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

"உன் தலையில அடிச்சுச் சத்தியம், பச்சத் தண்ணி கூடக் குடிக்கல."

"அப்போ இது என்ன பொய்யா சொல்லுது?"

பாவம், அவர் உண்மையிலேயே எதையும் தின்றதில்லை.

கிளினிக்கில் ரத்தம் எடுக்கிற முறை வந்தது. அன்றைக்குக் கடை கிடையாது. இரவே தலைக்குக் குளித்து, காலையில் மறுபடி சோப்பு தேய்த்துக் குளித்து, விபூதி பூசி, வெறும் வயிற்றோடு போனார்கள். முழங்கையின் மடிப்பில் துடைத்து, இரண்டு குழாய் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரமும் கடை போடாமல் குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு போனார்கள். ரிசல்ட் சொன்னது நிகோல் மிசி. இனிப்பு நீர்க்காரர்களைப் பார்ப்பதற்கென்றே இருக்கிற நர்ஸ். பீடோங் பொண்ணுதான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற தொண்டை. பேசினால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

"அண்ணே, சபாஷ்! வெறும் வயித்துல ஆறு புள்ளி ஒண்ணு. மூணு மாசச் சராசரிக் கணக்கும் ஆறு புள்ளி ஒம்போது. டாக்டர் இன்சுலினைப் பதினாறு யூனிட்ல இருந்து பன்னெண்டாக் குறைக்கச் சொல்லிட்டாரு."

புஷ்பவள்ளிக்குச் சந்தோஷம் வரவில்லை. "மிசி, வேற யாரு ரத்தமோ மாறிப் போச்சு. வீட்டுல தினம் பதினாலு காட்டுது" என்றாள்.

நிகோல் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பதினாலா? அது சாதாரண வித்தியாசம் இல்லக்கா. கொஞ்சம் வித்தியாசம் வரும், அது சகஜம். விரல் நுனியில வர்றது குட்டிக் குழாய் ரத்தம். இந்தக் கைமடிப்புல எடுக்கிறது உடம்பு கொஞ்சம் சீனியை எடுத்துக்கிட்டு மிச்சம் விட்ட ரத்தம். சாப்பிட்ட பிறகு பார்த்தா விரல்ல கூடத்தான் இருக்கும். ஆனா வெறும் வயித்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. லேப்ல ரத்தத்தைச் சுத்த விட்டு, மேலே தெளிஞ்சு நிக்கிற நீரைத்தான் பாக்குறாங்க. உங்க மெஷின் முழு ரத்தச் சொட்டை வாங்கிக் கணக்குப் போட்டு அதே மாதிரிக் காட்டும். கணக்குதானே, நூத்துக்குப் பதினஞ்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலாம். ஆறு இருக்கிற இடத்துல அஞ்சு காட்டலாம், ஏழு காட்டலாம். பதினாலு காட்டவே கூடாது."

"ரத்தத்தைக் குழாயில வச்சுக்கிட்டே இருந்தா சீனி குறைஞ்சு போகும்னு சொன்னாங்களே? லேப் சுங்கைப் பட்டாணி டவுன்ல இருக்கு. வழியிலேயே குறைஞ்சிருக்கும்." இதைப் பக்கத்து வீட்டு இராசாத்தி சொல்லியிருந்தாள். இராசாத்திக்குத் தெரியாத சங்கதி கெடா மாநிலத்திலேயே கிடையாது.

"சும்மா குழாயில வச்சா ரத்தத்துல இருக்கிற அணுவே சீனியைத் தின்னும், உண்மைதான். அதுக்குத்தான் சாம்பல் மூடிக் குழாய், உள்ள மருந்து இருக்கு. மருந்து இல்லாட்டியும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பதினாலை ஆறா ஆக்காதுக்கா." நிகோல் விரல் விட்டு எண்ணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். மெஷினில் செருகுகிற பட்டை காலாவதி ஆகியிருக்கா? இல்லை. டப்பாவை வெயிலில், ஈரத்தில் வைக்கிறீர்களா? இல்லை. உடம்பில் ரத்தம் குறைவாக இருந்தாலும் மெஷின் கூட்டிக் காட்டுமாம், காளிதாசனுக்கு ரத்தம் நல்ல கணக்கில் இருந்தது. கடைசியில் அவர்கள் பையில் கொண்டு வந்திருந்த மெஷினாலேயே அங்கேயே குத்திப் பார்த்தாள். ஆறு புள்ளி அஞ்சு.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. அப்போ வீட்டுல குத்துற விதத்துலதான் என்னவோ. கையைக் கழுவுறீங்களா?"

"ஸ்பிரிட் போட்டே துடைக்கிறேன் மிசி!" என்றாள் புஷ்பவள்ளி ரோஷத்தோடு.

"துடைச்சாப் பத்தாது, சோப்பு போட்டுத் தண்ணியில கழுவிட்டு, ஈரம் போகத் துடைச்சிட்டுக் குத்துங்க. ஒரு வாரம் பாருங்க. சந்தேகம்னா எனக்குப் போன் பண்ணுங்க." நம்பரைக் கொடுத்தாள். வெளியில் ஏகக் கூட்டம், அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இங்கேதான் புஷ்பவள்ளி கோட்டை விட்டாள். ஸ்பிரிட்டை விடவா பச்சைத் தண்ணி பெரிசு? புண்ணில் ஊற்றினால் உயிர் போகிற மாதிரி எரிகிற சாமான், எந்த அழுக்கையும் கொல்லும், ஆஸ்பத்திரியிலேயே அதைத்தானே தேய்க்கிறான்? தண்ணியில் கழுவு என்றால் அது சும்மா வாய்ப் பேச்சுக்குச் சொல்வது. இப்படி நினைத்துக்கொண்டாள். கிளினிக்கில் ஆறு காட்டியதற்கும் அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். அன்றைக்கு வேலை இல்லை, வெயில் இல்லை, மனுஷன் நிம்மதியாக இருந்தார். வேலை நாளில் ஏறுகிறது. டாக்டருக்கு வேலை நாள் தெரியுமா? எனக்குத்தானே தெரியும்!

பன்னெண்டு போடவில்லை. பதினாறே போட்டாள். காலையில் பதினாலைப் பார்த்ததும் பதினெட்டு. அப்புறம் இருபது, இருபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் பேனாவின் பின்பக்கத்தைத் திருகும்போது கடக் கடக் என்று சத்தம் வரும், காளிதாசன் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார்.

"கூட வைக்கிற போலிருக்கே, புள்ள."

"உங்க அண்ணன் மாதிரி கட்டையில நடக்க ஆசையா? பேசாம இருங்க."

அவள் சொன்னால் அவருக்கு அப்பீல் கிடையாது. ஆனால் விடியற்காலையில் வேர்வையில் சட்டை நனைந்து எழுந்தார். பசி பசி என்றார். "இனிப்பு நீர் ஏறினாலே பசிக்கும்" என்று அவள் ரொட்டியை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள். அவள் கொடுமைக்காரி இல்லை. அவர் கால் விரல்களை ராத்திரி ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பாள், ஒரு சின்னக் கீறல் கண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பயம் ஒரு ஆளை என்னென்ன செய்ய வைக்கும் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை, சந்தைக் கூட்டம் வரும் என்று வழக்கத்தை விட அதிகப் பழம். புஷ்பவள்ளி பொட்டலம் கட்டப் பின்கட்டுக்கு வந்தாள். காளிதாசன் மும்முரமாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தாள். அவர் பையில் போட்டுக்கொண்டிருந்தது பழத்தை இல்லை. தோலை. அன்னாசித் தோலை அழகாக அடுக்கி, குச்சி குத்தி, வரிசையாக வைத்திருந்தார். பழத் துண்டெல்லாம் குப்பைக் கூடையில் கிடந்தது.

"என்னங்க இது?"

திரும்பிப் பார்த்தார். அவளைத் தெரியாதவர் மாதிரி பார்த்தார். "அம்மா, லோரி வந்திருச்சா?" என்றார். தோட்டத்து லாரி ஓடாமல் எத்தனையோ வருஷம் ஆச்சு. நெற்றியில் வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது, கையைத் தொட்டால் ஐஸ். விரல்கள் தந்தி அடித்தன. கத்தி இன்னும் அவர் கையில் இருந்தது. அதை மெதுவாகப் பிடுங்கி எறிந்தாள்.

"ஐயோ, ஏறிப்போச்சு, மூளைக்கு ஏறிப்போச்சு!" ஓடிப் போய் மெஷினை எடுத்து வந்தாள். ஸ்பிரிட் துண்டால் விரலைத் தேய்த்தாள், குத்தினாள், பிதுக்கினாள்.

பதினேழு புள்ளி நாலு.

குளிர்ப் பெட்டியைத் திறந்து ஊசிப் பேனாவை எடுத்தாள். எவ்வளவு போடுவது? பத்து? திருகினாள். கடக் கடக் என்று ஓடிப் பத்தில் நின்றது. அவர் சட்டையை மேலே தூக்கினாள். வயிறு வேர்வையில் வழுக்கியது. ஊசி நுனி தோலைத் தொடப் போன நேரம், அந்த ஈரம் அவள் கையைப் பிடித்து நிறுத்தியது. இருளப்பன் மச்சாண்டாருக்கு இருபத்தஞ்சு இருந்தபோது கூட அவர் நாக்கு வறண்டு தண்ணி தண்ணி என்று கிடந்தாரே தவிர, இப்படி வேர்க்கவில்லை. இப்படிக் குளிரவில்லை. இது என்ன வேற மாதிரி இருக்கே? முருகா, இது என்ன?

பேனாவைக் கீழே வைக்காமலேயே போனை எடுத்தாள்.

"மிசி, பதினேழு, மிசி! ஆளே தெரியல அவருக்கு, வேர்த்து ஊத்துது, கை ஜில்லுனு இருக்கு. பத்து போடவா?"

"போடாதீங்க!" நிகோல் போட்ட சத்தத்தில் போனே அதிர்ந்தது. "அக்கா, ஊசியைத் தூரப் போடுங்க. இப்போ, இப்போ. போட்டீங்களா? அவர் கையில என்ன வேலை பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"அன்னாசி வெட்டிக்கிட்டு..."

"கடவுளே. அக்கா, குழாயடிக்குக் கூட்டிட்டுப் போங்க. சோப்பு போட்டுக் கையைத் தேய்ச்சுக் கழுவுங்க, துணியால துடைங்க, வேற விரல்ல குத்துங்க. ஓடுங்க. நான் லைன்லேயே இருக்கேன்."

அவரை இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மனுஷன் கால் பின்னிப் பின்னி விழுந்தார். அவர் கையைத் தன் கைக்குள் வைத்துச் சோப்பு போட்டுப் பிசுபிசுப்பு போகும் வரை தேய்த்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். இன்னொரு விரலில் குத்தினாள்.

இரண்டு புள்ளி ஒண்ணு.

"ரெண்டு, மிசி," என்றாள். மெஷினை மறுபடியும் பார்த்தாள். "ரெண்டுதான் இருக்கு."

"முழுங்குறாரா? முழிச்சிருந்து முழுங்கினா மட்டும் குடுங்க. சீனி மூணு கரண்டி, தண்ணியில கலக்கி, கொஞ்சம் கொஞ்சமா. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்."

இத்தனை நாள் அவள் ஒளித்து வைத்திருந்த சீனி டப்பா கைக்கு அகப்படவில்லை. எங்கே வைத்தோம் என்றே மறந்து போயிருந்தது. அலமாரியில் இல்லை, அரிசித் தொட்டிக்குப் பின்னால் இல்லை. "இராசாத்தி! சீனி! சீனி குடுடி!" என்று வேலியைப் பிடித்து அவள் போட்ட கூச்சலில் அந்த வீட்டு வரிசையே எழுந்து வந்தது. இராசாத்தி டப்பாவோடு ஓடி வந்தாள். புருஷனைச் சுவரில் சாய்த்து, அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மடக்காக ஊட்டினாள். முழுங்குங்க, என் ராசா, முழுங்குங்க. ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்குகிறதா என்று கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் போன பிறகுதான் அவர் கண்ணைச் சரியாகத் திறந்தார்.

"ஏன் புள்ள அழுவுற?" என்றார்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, அடிக்கடி விரலைக் குத்திப் பார்த்தார்கள். ராத்திரிப் போட்ட மருந்து இன்னும் உடம்பில் வேலை செய்கிறது, மறுபடி இறங்கும், அதனால் விடமாட்டோம் என்றார்கள். மத்தியானம் நிகோல் மிசியே வந்துவிட்டாள். திட்டுவாள் என்று புஷ்பவள்ளி தலையைக் குனிந்து நின்றாள். அவள் திட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"ஸ்பிரிட் கிருமிக்குத்தான் அக்கா. பழச் சீனி அதுல சரியாக் கரையாது, துடைக்கத் துடைக்கப் பரவிக்கிட்டுத்தான் இருக்கும். மெஷினுக்குக் கடுகளவு சொட்டு ரத்தம் போதும். அதுல விரல்ல ஒட்டியிருந்த அன்னாசிச் சீனி கலந்தா, அதையும் சேத்து எண்ணிடும். கைமடிப்புல யாரும் பழம் வெட்டலையே, அதான் லேப்ல ஆறு வந்துச்சு. ரெண்டுமே உண்மையைத்தான் சொல்லுச்சு. உங்க மெஷின் சொன்னது ரத்தத்தைப் பத்தி இல்ல, அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னைக்கே என்ன தொழில்னு நான் கேட்டிருக்கணும். கூட்டத்துல விட்டுட்டேன்."

டாக்டர் வந்தார், சின்ன வயசுக்காரர். அட்டையைப் புரட்டினார். நிகோலைப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார், அவள் அதைத் தமிழில் கேட்டாள். "அண்ணே, பன்னெண்டுதானே சொன்னோம்? எவ்வளவு போட்டீங்க?"

"இருவத்திரெண்டு," என்றார் காளிதாசன்.

"யாரு கூட்டினா?"

"நான்தான். நானே கூட்டிக்கிட்டேன்."

கண் மங்கிய மனுஷன், பேனாவில் எண் எங்கே இருக்கிறதென்றே தடவித்தான் தெரிந்துகொள்கிறவர், டாக்டர் முகத்தைப் பார்த்துக் கூசாமல் பொய் சொன்னார். நிகோலுக்குப் புரிந்துவிட்டது. அவள் அட்டையைப் பார்த்தாள். புஷ்பவள்ளி கட்டிலைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்தாள்.

"அவரு பொய் சொல்றாரு, மிசி. நான்தான் கூட்டினேன். பசிக்குதுன்னாரு, ரொட்டியைப் பூட்டி வச்சேன். இன்னைக்கும் பத்து போடத் திருகிட்டேன். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தா..." பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மறுநாள் வீட்டுக்கு அனுப்புமுன், இன்றைக்கு இரவிலிருந்து எட்டு யூனிட் மட்டும் என்று எழுதினார்கள். வீட்டில் யார் போடுவார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால்தான் அனுப்புவோம் என்றாள் வார்டு நர்ஸ். பயிற்சிக்கு வைத்திருந்த, மருந்தில்லாத வெறும் பேனாவை நீட்டினாள்.

புஷ்பவள்ளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் மாட்டேன். கிளினிக்குல வந்து போட்டுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரி போடட்டும். யாராவது போடட்டும்."

"தினம் ராத்திரி யாரு வருவாங்கம்மா?"

"நான் தொட மாட்டேன்!" காட்டுப் பன்றியை விரட்டியவள், அந்தப் பேனாவைப் பார்த்து இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

காளிதாசன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். குழாயடிக்குப் போனார், துணைக்கு ஆள் வேண்டாம் என்றார். சோப்பு போட்டுக் கையைக் கழுவி, துடைத்துக்கொண்டு வந்து, நர்ஸ் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பெண்சாதியின் கையில் வைத்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடிக்க வைத்தார். பிறகு ஆஸ்பத்திரிச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் அவள் இருக்கிற பக்கமாகப் பார்த்தார்.

"இந்தக் கைதான் என் வாயில சீனித் தண்ணி ஊத்துச்சு. இது இல்லாம வேற எவ கை எனக்குப் பழக்கம்? போடு புள்ள."

அவள் திருகினாள். கடக் சத்தத்தை இந்தத் தடவை அவர் வாய் விட்டு எண்ணினார், அவளும் கூடவே எண்ணினாள். எட்டில் நின்றது. எட்டுதானா என்று நர்ஸைப் பார்த்தாள். மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். பேனாவை அவர் வயிற்றுப் பக்கம் கொண்டு போனவள் பாதி வழியில் நிறுத்திவிட்டாள்.

அவர் சட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டினார்.